ஹாலியின் அட்டவணையும் டேர்ம் பாலிசியும்

வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி, 1693இல் பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து ஓர் அட்டவணை போட்டார். எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்பதே அதன் கணக்கு. இருபது வயதுக்காரர் ஓராண்டுக்குள் இறக்காமலிருக்க நூற்றுக்கு ஒன்று என்றும், ஐம்பது வயதுக்காரருக்கு முப்பத்தெட்டுக்கு ஒன்று என்றும் பந்தயம் கட்டலாம் என்றார். தனி ஒருவரின் ஆயுள் யாருக்கும் தெரியாது. ஆனால் பெருங்கூட்டத்தின் ஆயுள் ஓர் ஒழுங்கில் நடக்கிறது. என்னை இன்றும் வியக்க வைப்பது இதுதான்.

டேர்ம் பாலிசி நிற்பதும் இந்த ஒழுங்கின்மேல்தான். முப்பத்தைந்து வயதுள்ள ஆயிரம் பேரில் இந்த ஆண்டு ஒருவர் இறப்பார் என்று வைத்துக்கொள்வோம். அவர் குடும்பத்துக்கு 60 லட்சம் தர, ஆளுக்கு 6,000 ரூபாய் போதும். இது விளக்கத்துக்கான எண்; உங்கள் பிரீமியம் அல்ல. வயது, உடல்நிலை, புகைப்பழக்கம், நிறுவனச் செலவு எல்லாம் அதை மாற்றும். வயது ஏற ஏற இறப்பு வாய்ப்பும் கூடுவதால், ஆண்டுதோறும் ஒரே தொகை கட்டும்படி இளமையில் சற்றுக் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார்கள்.

காலம் முடியும்போது நீங்கள் நலமாக இருந்தால், சாதாரண டேர்ம் பாலிசியில் பணம் திரும்பாது. அது நஷ்டமல்ல. கட்டிய பணம் பாதுகாப்புக்காகச் செலவாகிவிட்டது. சேமிப்பை இதில் தேடாதீர்கள்.

எவ்வளவுக்கு எடுப்பது? உங்கள் சம்பளம் நின்றால் யாருக்கு, எத்தனை ஆண்டு, எவ்வளவு குறையும் என்று பாருங்கள். ஐந்து வயது மகள் உள்ள குடும்பம் ஒன்று. வீட்டுச் செலவு மாதம் 25,000. ஆண்டுக்கு 3 லட்சம். பதினைந்து ஆண்டுக்கு 45 லட்சம். வீட்டுக்கடன் 20 லட்சம். கையிருப்பு 5 லட்சத்தைக் கழித்தால் 60 லட்சம். விலைவாசி ஏற்றத்தை அந்தத் தொகையின் வட்டி ஈடுசெய்யும் என்ற ஊகத்தில் போட்ட தோராயக் கணக்கு இது. உங்கள் வருமானத்தை நம்பி யாரும் இல்லை, கடனும் இல்லை என்றால், இப்போது இந்தப் பாலிசி உங்களுக்குத் தேவையே இல்லை.

விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை எதையும் மறைக்காதீர்கள். மூன்றாண்டுக்குப் பிறகு பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. அதற்குள் மறைத்தது வெளிப்பட்டால், உரிமைத்தொகை மறுக்கப்படலாம்.

நான் காப்பீட்டு ஆலோசகர். நீங்கள் என்னிடம் பாலிசி எடுத்தால் எனக்குக் கமிஷன் உண்டு. இது பொது விளக்கம் மட்டுமே. பத்திரம் கைக்கு வந்ததும் விலக்குகளை முழுதாகப் படியுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். காப்பு இருந்த நாள்களுக்கான கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதி உங்களுக்கு வந்துவிடும்.