6,840 எழுத்தை 4,000 ஆக்குவது எப்படி?

பிரிட்டனில் பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் மாணவர்கள் 'யூகாஸ்' என்ற பொது அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கிறார்கள். ஏன் இந்தப் படிப்பு, அதற்கு என்ன தயாரிப்பு என்று அதில் தன்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுத வேண்டும். இடைவெளி, காற்புள்ளி எல்லாம் சேர்த்து 4,000 எழுத்துக்கு மேல் அந்தப் பெட்டி ஏற்காது. 2026இல் சேருவோர் முதல் இதை மூன்று கேள்விகளுக்கான பதில்களாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்து இருக்க வேண்டும். மொத்த வரம்பு மட்டும் மாறவில்லை.

லண்டனில் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் சிவில் இன்ஜினியரிங் படிப்புக்கு எழுதிக்கொண்டு வந்தது 6,840 எழுத்து. பத்தில் நான்கு பங்குக்கு மேல் போக வேண்டும். ஒரு வாரம் முயன்றிருந்தான். எல்லாப் பத்தியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி 5,900க்கு இறக்கியிருந்தான். அதற்குள்ளேயே அறிக்கை வெளிறிப்போயிருந்தது. 'மிகுந்த ஆர்வம்', 'ஆழமான புரிதல்' போன்ற உரிமைகோரல்கள் அப்படியே இருந்தன. அவற்றை நம்பவைக்கும் விவரங்கள்தான் போயிருந்தன. நீளமாக இருப்பதால் முதலில் கண்ணில் படுவது விவரம். அதனால் கை அதைத்தான் முதலில் வெட்டுகிறது.

பழைய பிரதியையே மறுபடி எடுக்கச் சொன்னேன். பிறகு அதை மூடிவைத்துவிட்டு, சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னேன். நாலைந்து முறை தடுமாறிய பிறகு வந்தது இது: "நிலத்துக்குக் கீழ என்ன இருக்கெண்டு தெரியாமல் மேல கட்டினா தண்ணி பழுதாகும். அதைத் தெரிஞ்சு கட்டப் படிக்கோணும்." வாதம் அதுதான். அதைத் தாளின் தலைப்பில் எழுதி, ஒவ்வொரு பத்தியும் அதைத் தாங்குகிறதா என்று பார்த்தோம்.

ஒரு விஞ்ஞானியின் மேற்கோளும் சிறுவயது விளையாட்டுப் பாலங்களும் கொண்ட தொடக்கம், 620 எழுத்து. தாங்கவில்லை. கிரிக்கெட், பியானோ, மலையேற்றம், 1,050. தாங்கவில்லை. கணிதத்தின் பயனை இரண்டாம் முறை சொன்ன பத்தி, 540. மூன்றையும் முழுசாக எடுத்தோம்.

"இதெல்லாம் வெட்டினா நான் என்னென்ன செய்தனான் எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும், மாமா?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் கிரிக்கெட் ஆடியது நீரியலுக்கு எந்தச் சாட்சியும் சொல்லாது.

இப்போது 4,630. இதற்குப் பிறகுதான் வாக்கியங்களில் கைவைக்க வேண்டும். சொற்களைச் சுருக்குவதால் பெரும்பாலும் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறையாது. யாழ்ப்பாணத்தில் அவனுடைய அம்மம்மாவின் கிணற்றைப் பற்றி இப்படி எழுதியிருந்தான்: 'இந்த அனுபவத்தின் வழியாக நிலத்தடி நீரைப் பற்றி மிக ஆழமான புரிதலை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.' என்ன புரிந்தது என்று கேட்டேன். அவன் சொன்னதையே எழுத வைத்தோம்: 'அங்கே நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே விரைவாக ஓடுகிறது, மண்ணில் வடிவதுபோல் வடிகட்டப்படுவதில்லை.' நீளம் ஏறக்குறைய அதேதான். ஆனால் இதற்குப் பிறகு ஆர்வத்தைப் பற்றிய இரண்டு வாக்கியங்கள் தேவையில்லாமல் போயின.

3,910 வந்ததும் அவனுக்குச் சந்தோஷம். எனக்கு ஒரு குறை தெரிந்தது. மலக்குழிக்கு அருகிலுள்ள கிணற்று நீரைச் சோதித்தது ஒரு வாக்கியம். சுண்ணாம்புப் பாறையைப் பற்றிப் படித்தது அடுத்த வாக்கியம். நடுவில் இருந்த 'அந்தக் குழியின் கசிவு கிணற்றை எளிதில் எட்டுவதற்குக் காரணம் இந்தப் பாறை' என்ற தொடர்பு வெட்டில் போயிருந்தது. தகவல் இரண்டும் இருந்தும் வாதம் இல்லை. 'ஏனெனில்', 'ஆகவே' உள்ள வாக்கியங்கள் உபரிபோலத் தெரியும். வெட்டும்போது முதலில் பறிபோவதும் அவையே. 74 எழுத்து செலவழித்து அதைத் திரும்பச் சேர்த்தோம்.

பிறகு பொறியியல் எதுவும் அறியாத அவனுடைய அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். தாளை வாங்கி வைத்துவிட்டு, தம்பி என்ன சொல்கிறான் என்று கேட்டோம். தலைப்பில் எழுதிய அந்த ஒரே வாக்கியத்தைத்தான் அவள் வேறு சொற்களில் சொன்னாள். சொல்லியிராவிட்டால் இன்னொரு வாரம் உட்கார்ந்திருப்போம். ஒரே ஒரு இடத்தில், 'மேற்சொன்ன திட்டம்' என்றால் எது என்று கேட்டாள். அது வெட்டிய பத்தியில் இருந்தது. 'மேற்சொன்ன' என்பதை 'பள்ளி' என்று மாற்றினோம்.

கடைசியில் 3,978. வெட்டியவற்றை அழிக்காமல் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகம் வைக்கும் கல்லூரியில் அந்தக் கிணற்றைப் பற்றிக் கேட்டால், விரித்துச் சொல்ல அங்கேதான் விவரம் இருக்கும்.