'உண்டு' 'இல்லை' ஆகும் 45 நிமிடம்

ஒரு புகைப்படத்தில் உள்ள ஒரே ஒரு சொல்லை மாற்றுவது மூன்று வேலைகள் சேர்ந்தது: பழைய சொல்லை அழிப்பது, அழித்த இடத்தில் பின்னணியை மறுபடி நிரப்புவது, புதிய சொல்லை அதே கை எழுதியதுபோல உட்கார வைப்பது. பள்ளிக் கணினி வகுப்பில் ஒரு பாடவேளைக்குள் இம்மூன்றையும் செய்து, மீதி நேரத்தில் மாற்றத்தைக் கண்டுபிடிக்கவும் முடியும். அதற்கு ஒரு படம், கட்டணமில்லாத 'கிம்ப்' மென்பொருள், 45 நிமிடம் இருந்தால் போதும். 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய மென்பொருள் அது. பழைய கணினியிலும் லினக்ஸிலும் ஓடும்.

பாடத்துக்குத் தஞ்சை வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த பலகை ஒன்று பொருந்தும். மேல் வரியில் பெரிய எழுத்தில் 'நேரடி நெல் கொள்முதல் நிலையம்'. கீழ் வரியில் சற்றுச் சிறிய எழுத்தில் 'இன்று கொள்முதல் உண்டு'. கடைசிச் சொல்லை 'இல்லை' என்று மாற்ற வேண்டும். இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. கைப்பேசிக்குக் கைப்பேசி பரவும் பொய்ப் படங்களில் முழுப் பலகையையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. தேதி, ஊர்ப்பெயர், உண்டு-இல்லை என்று ஒற்றைச் சொல்லில் கை வைத்தாலே போதும். குறுவை அறுவடை முடிந்து, 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறிவிடக் கூடாதே என்று நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிக் காத்திருப்பவருக்கு, இரவு எட்டு மணிக்கு 'இல்லை' என்ற படம் வந்தால் மறுநாள் காலை மூட்டைகள் தனியார் வியாபாரியிடம் போய்விடும். ஆகவே உண்மையான நிலையத்தின் பலகையைப் படமெடுத்து வகுப்பில் மாற்றக் கூடாது. ஓவிய ஆசிரியரைக் கொண்டு ஒட்டுப்பலகையில் மஞ்சள் எனாமல் அடித்து, கறுப்பில் கையால் எழுதி, பள்ளியின் பெயரை மூலையில் போட்ட மாதிரிப் பலகை ஒன்று வேண்டும். கணினியில் அச்சிட்ட பலகை உதவாது. ஏன் என்பது கடைசிப் பத்து நிமிடத்தில் தெரியும்.

படத்தை நிழலில், பலகைக்கு நேராக நின்று, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். கோணலாக எடுத்தால் ஒரு பக்க எழுத்து சிறுத்துவிடும். அதைச் சரிசெய்வது தனி வகுப்புக்கான வேலை. கைப்பேசியிலிருந்து கணினிக்குக் கேபிள் வழியாகவே மாற்றுவது நல்லது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கி, மறுபடி அழுத்தித்தான் தரும். ஆய்வகக் கணினிகள் திணறாமல் இருக்க அகலம் 1,600 பிக்சல் போதும்.

முதல் ஐந்து நிமிடம் படத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் பார்ப்பதற்கு மட்டும். பலகை முழுதும் ஒரே மஞ்சள் என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். நிறம் எடுக்கும் கருவியை (`O`) இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் வைத்துப் பார்த்தால் எண்கள் வேறு வேறாக வரும். வெளிச்சம் வரும் பக்கம் வெளுத்தும், மறுபக்கம் மங்கியும், தூரிகை ஓடிய தடம் இடையிடையே தெரிந்தும் இருக்கும். இந்தப் பாடத்தின் கடினமான பகுதி எழுத்து அல்ல, இந்த மஞ்சள்தான்.

பிறகு `Layer → Duplicate Layer` மூலம் ஒரு நகல் அடுக்கு எடுத்து, `.xcf` கோப்பாகச் சேமிக்க வேண்டும். அடியில் இருக்கும் மூல அடுக்கை யாரும் தொடக் கூடாது. அழிப்பதற்கு `Clone` கருவி (`C`). `Ctrl` விசையை அழுத்திக்கொண்டு வெற்று மஞ்சளில் ஒரு சொடுக்கு. அந்த இடத்தின் நிறம், அழுக்கு, தூரிகைத் தடம் எல்லாம் அப்படியே 'உண்டு' மேல் பூசப்படும். எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். வெளிச்சம் இடமிருந்து வலமாகக் குறைகிறது என்றால், சொல்லுக்கு நேர் கீழே உள்ள மஞ்சளை எடுக்க வேண்டும். பக்கத்திலிருந்து எடுத்தால் சாயல் மாறிவிடும். ஓரம் மென்மையான தூரிகை, எழுத்தின் தடிமனைவிடச் சற்றே பெரிய அளவு, சின்னச் சின்னப் பூச்சு, நாலைந்து பூச்சுக்கு ஒருமுறை புது இடத்தில் `Ctrl` சொடுக்கு. ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டே போனால், ஒரு சிறு கறை வரிசையாக நான்கு முறை வந்து நிற்கும்.

அவசரக்காரர்கள் ஒரு மஞ்சளை எடுத்து, பெரிய தூரிகையால் ஒரே பூச்சாகப் பூசிவிடுவார்கள். அருகிலிருந்து பார்த்தால் சரியாக இருக்கும். இரண்டடி தள்ளி நின்றால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோலத் தெரியும். `Heal` கருவி இன்னும் எளிது என்று நினைப்பவர்களும் உண்டு. அது சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து பூசும். கறுப்பு எழுத்தின் அருகே போனால் அந்தக் கறுப்பையும் கலந்து ஒரு புகைக்கறையை விட்டுவிடும். சொல் முழுதும் போன பிறகு, வெற்றிடத்தில் தெரியும் சிறு தழும்புகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். அழிப்பு வேலைக்குப் பத்து நிமிடம்.

இனி 'இல்லை'. கையால் எழுதிய பலகைக்கு ஒத்த எழுத்துரு எந்தக் கணினியிலும் இல்லை. ஆனால் தேவையான மூன்று எழுத்துகளும் பலகையிலேயே இருக்கின்றன. 'இ' என்பது 'இன்று' என்பதில், 'ல்' கீழ் வரியின் 'கொள்முதல்' என்பதில், 'லை' மேல் வரியின் 'நிலையம்' என்பதில். செவ்வகத் தேர்வில் (`R`) ஒவ்வொன்றையும் வளைத்து, நகலெடுத்து, `Edit → Paste as → New Layer` கொடுத்தால் தனித்தனி அடுக்காக வரும். `M` அழுத்தி இடத்துக்கு நகர்த்தலாம்.

தமிழ் எழுத்தின் குணம் தெரியாமல் செய்தால் இங்கேதான் இடறும். 'ல்' என்பதை இறுக்கமாக வளைத்தால் மேலே இருக்கும் புள்ளி விடுபட்டு, 'இலலை' என்று நிற்கும். 'லை' என்பதில் முன்னால் நிற்கும் இரட்டைச் சுழியைச் சேர்த்து எடுக்க வேண்டும். அதை எடுக்கும்போது இடப்பக்கத்து 'நி' எழுத்தின் கொக்கி நுனியும் கூடவே வரும், அதைத் தனியே அழிக்க வேண்டும். மேல் வரி எழுத்து பெரியது என்பதால் 'லை' எழுத்தை மட்டும் `Shift+S` மூலம் சுருக்க வேண்டியிருக்கும். சுருக்கினால் உயரம் ஒத்துவரும், ஆனால் கோட்டின் தடிமனும் சேர்ந்து இளைக்கும். பக்கத்து 'ல்' தடித்து, 'லை' மெலிந்து நிற்கும். இதை முழுதாக மறைக்க வழியில்லை. மாணவர்கள் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இந்தியில்போல எழுத்துகளை இணைக்கும் தலைக்கோடு தமிழில் இல்லாததால், அடிமட்டத்தைக் கண்ணால் பிடிப்பதும் சற்றுச் சிரமம். அளவுகோலிலிருந்து ஒரு வழிகாட்டிக் கோட்டை இழுத்து, 'கொள்முதல்' எழுத்துகளின் அடியில் வைத்துக்கொண்டால் வரிசை பிசகாது.

ஒட்டிய எழுத்தைச் சுற்றி அதன் பழைய மஞ்சள் ஒரு பெட்டிபோல வரும். அந்த அடுக்கின் `Mode` பட்டியலில் `Darken only` தேர்ந்தால், இரண்டு அடுக்குகளில் எது கருமையோ அது மட்டும் நிற்கும். எழுத்து தங்கி, பெட்டி மறையும். வெளிச்சமான பகுதியிலிருந்து எடுத்த எழுத்துக்கு இது உடனே பலிக்கும். நிழல் பக்கத்திலிருந்து எடுத்ததற்குப் பெட்டி மங்கலாக மிஞ்சும்; `Colors → Levels` வழியாக அந்த அடுக்கைக் கொஞ்சம் வெளுக்க வைத்தால் போய்விடும். எழுத்து வேலைக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால்தான் வகுப்பு மூச்சு விடும்.

பலகை பழையதாக இருந்தால் 'லை' இன்னொரு வகையிலும் காட்டிக்கொடுக்கும். பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்கும் வரை ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கைபோல முன்னால் வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. 1960-களின் புகைப்படம் என்று ஒன்றைக் காட்டி, அதில் ஒரு 'லை' மட்டும் இன்றைய வடிவில் இருந்தால் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது தகும்.

மீதிப் பத்து நிமிடம் கண்டுபிடிப்புக்கு. மாற்றிய படத்தை `File → Export As` மூலம் `.jpg` ஆக்கி, அதைத் திறந்து, `File → Open as Layers` வழியாக மூலப்படத்தை மேலே வைத்து, `Mode` பட்டியலில் `Difference` கொடுக்க வேண்டும். இரண்டும் ஒத்த இடமெல்லாம் கறுப்பாகிவிடும். 'இல்லை' இருக்கும் இடத்தில் மட்டும் பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளிரும். மற்ற இடங்களில் மிக மங்கலாகத் தெரியும் புள்ளிகள், `.jpg` ஆகச் சேமிக்கும்போது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அழுத்துவதால் வருபவை. யாரும் கை வைத்ததால் அல்ல.

மூலப்படம் கையில் இல்லாதபோது என்ன செய்வது? கையெழுத்துப் பலகையில் ஒரே எழுத்து இரண்டு முறை ஒரே மாதிரி விழாது. மேல் வரியில் 'நெல்', 'கொள்முதல்' இரண்டிலும் 'ல்' இருக்கிறது. ஒன்றை நகலெடுத்து மற்றதன்மேல் `Difference` முறையில் வைத்தால், எவ்வளவு நகர்த்தினாலும் ஓரங்களில் மஞ்சள் விளிம்பு மிஞ்சும். ஓவியரின் கை கொஞ்சம் மாறியிருக்கிறது. இனி கீழ் வரியின் 'ல்' எழுத்தை எடுத்து 'இல்லை' என்பதன் 'ல்' மேல் வைத்துப் பார்த்தால், சரியான இடம் கிடைத்ததும் எழுத்தின் உருவமே கறுப்பில் கரைந்துவிடும். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தச் சோதனை அச்சிட்ட ஃபிளெக்ஸ் பலகையில் செல்லாது. எழுத்துருவில் எல்லா 'ல்'களும் பிறப்பிலேயே ஒன்றுபோல இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது வேறு: தமிழைச் சேர்த்தெழுதத் தெரியாத மென்பொருளில் தட்டியிருந்தால், ஐகாரச் சுழி 'ல'வுக்கு முன் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்றோடு தனித்து நிற்கும். கிம்ப் இதைச் சரியாகச் சேர்த்துவிடும் என்பதால் அதில் செய்த மாற்றம் இந்த வகையில் பிடிபடாது. பலமுறை வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த சிறிய படத்திலும் விளிம்புகள் கரைந்து, எழுத்துப் பொருத்தச் சோதனை தெளிவான விடை தராது.

மதிப்பீட்டுக்கு ஒவ்வொரு மாணவரும் மூன்று கோப்புகள் தர வேண்டும்: அடுக்குகள் கலையாத `.xcf`, மாற்றிய `.jpg`, `Difference` படம். மாற்றிய `.jpg` கோப்பின் குறுக்கே 'மாதிரி – மாற்றப்பட்டது' என்று பெரிய எழுத்தில் எழுதிய பிறகே அது கணினியை விட்டு வெளியே போகலாம். அந்த எழுத்து ஓரத்தில் இருந்தால் வெட்டி எறிந்துவிடலாம் என்பதால் 'இல்லை' என்ற சொல்லின் மேலேயே படும்படி வைக்க வேண்டும்.