பத்துச் சொட்டு டிஞ்சரில் எவ்வளவு ஸ்பிரிட்?

ஹோமியோபதிக் கடையில் ‘மதர் டிங்சர்’ என்று கேட்டால் கண்ணாடிப் புட்டியில் 30 மில்லி தருவார்கள். அதற்கு மேல் தரமாட்டார்கள். 12 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோ மருந்தை 30 மில்லிக்குப் பெரிய புட்டியில் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்பது இந்திய மருந்து விதி. லேபிளின் ஓரத்தில், பொடி எழுத்தில், ஆல்கஹால் அளவு அச்சாகியிருக்கும். 60 சதவீதம் என்பது அங்கே சாதாரணம். பிராந்தி, விஸ்கியைவிட அது அதிகம்.

பெரியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. 60 சதவீத டிஞ்சர் ஒரு மில்லி குடித்தால் உள்ளே போகும் ஆல்கஹால் ஏறக்குறைய அரை கிராம். 60 கிலோ எடையுள்ளவரின் 100 மில்லி ரத்தத்தில் அது சுமார் 1 மில்லிகிராம்தான் ஏறும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 30. ஆனால் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்ட கையோடு போலீஸ்காரரின் கருவியில் ஊதினால் கதை வேறு. வாயில் தங்கிய ஆவியையே கருவி கணக்கில் எடுத்து, அளவைக் கூட்டிக் காட்டும். வாயைக் கொப்பளித்துவிட்டு, 20 நிமிடம் கழித்து வண்டியை எடுத்தால் போதும்.

குழந்தைக்கு இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். ஒரு வயதுக் குழந்தை, எடை 10 கிலோ. அதே ஒரு மில்லி அதன் ரத்தத்தில் 8 மில்லிகிராம் ஏற்றும். சொட்டு எண்ணப் பொறுமையில்லாமல் ஒரு டீஸ்பூன் ஊற்றிவிட்டால் ஏறக்குறைய 40. அதாவது கார் ஓட்டுபவருக்கான எல்லையைக் குழந்தை தாண்டிவிடுகிறது. அலமாரியில் எட்டிய 30 மில்லிப் புட்டியை முழுதாகக் குடித்துவிட்டால் 200-க்கும் மேலே போகும். சின்ன உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. ஆல்கஹால் ஈரலின் வேலையைத் தடுக்க, ரத்தச் சர்க்கரை சரிந்து வலிப்பு வரலாம். பிள்ளை அயர்ந்து தூங்குகிறது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சர்க்கரை அளவை உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

வெந்நீரில் விட்டு ஆறவைத்தால் ஸ்பிரிட் பறந்துவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். கொஞ்சம் போகும், பெரும்பங்கு தண்ணீரிலேயே நிற்கும்.

குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த மிச்சமே ஆபத்து. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இது நடக்கலாம். வாசனையே பழைய ஆசையைக் கிளறிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. அதை நாம் மதிக்க வேண்டும். மத நம்பிக்கையால் மதுவைத் தொடாதவர்களிடமும் சொல்லாமல் கொடுப்பது சரியல்ல.

இவர்களுக்கெல்லாம் மாற்றாக இருப்பது கிளிசரைட், அதாவது ஸ்பிரிட்டுக்குப் பதில் கிளிசரினில் ஊறவைத்த மூலிகைச் சாறு. துளசியில் செய்து பார்க்கலாம். நிழலில் நன்கு காயவைத்த இலை 10 கிராமை நொறுக்கி, 75 மில்லி கிளிசரினும் 25 மில்லி கொதித்து ஆறிய நீரும் கலந்து ஊற்றி, தினமும் குலுக்கி, நான்கு வாரம் கழித்து வடிகட்ட வேண்டும். பச்சை இலையைப் போட்டால் அதன் நீர் கிளிசரினை நீர்த்துப்போகச் செய்யும். கலவையில் கிளிசரின் பாதிக்கு அருகே இறங்கினால் கெட ஆரம்பிக்கும். நுரைக்குமிழி, புளித்த வாடை, மேலே ஏடு இவற்றில் எதைக் கண்டாலும் கொட்டிவிடுங்கள். நன்றாக வந்ததையும் ஓராண்டுக்கு மேல் வைக்க வேண்டாம்.

எல்லா மூலிகைக்கும் இது கைகொடுக்காது. வெள்ளைப்போளம், குங்கிலியம் போன்ற பிசின் சரக்குகள் கிளிசரினில் கரைவதில்லை. கடையில் வாங்கும் கிளிசரைட்டுகளில் சில, முதலில் ஸ்பிரிட்டில் எடுத்துப் பிறகு அதை ஆவியாக்கியவை. சிறிது மிச்சம் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். இனிப்பாக இருக்கிறதே என்று பிள்ளைக்கு அள்ளிக் கொடுக்கவும் கூடாது. அதிகமான கிளிசரினும் சின்னக் குழந்தையின் சர்க்கரையை இறக்கும். கைக்குழந்தைக்கு எந்த மூலிகைச் சாறும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

எந்தக் கிளிசரின் என்பதுதான் எனக்கு மிகப் பெரிய கவலை. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில், டைஎத்திலின் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்த கிளிசரினைக் குடிக்கக் கொடுத்ததில் சிறுநீரகம் பழுதாகி 14 பேர் இறந்தார்கள். நல்ல கிளிசரினையும் அதையும் பார்வையாலோ ருசியாலோ பிரித்தறிய முடியாது. உள்ளுக்குச் சாப்பிட என்றால் ‘ஐ.பி.’ முத்திரை, தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி மூன்றும் உள்ள மூடிய புட்டியை மருந்துக் கடையில் பில்லோடு வாங்குங்கள். சருமத்துக்கென்று விற்பதையும், கேனிலிருந்து சில்லறையாக ஊற்றித் தருவதையும் வாங்காதீர்கள்.