வானொலிக்குப் போகும் முன் ஒரு மறையுரை



வானொலியில் ஒலித்த மறையுரைகளை இம்மடலில் நீங்கள் வாசிக்கிறீர்கள். ஒலிப்பதிவுக்குப் போகும் முன் அவை எப்படித் திருத்தப்படுகின்றன என்று சிலர் கேட்டீர்கள். விதைப்பவர் உவமை பற்றி எங்கள் கைக்கு வந்த ஓர் உரையை வைத்தே அதைச் சொல்கிறோம். பொதுக்காலம் 15-ஆம் ஞாயிறுக்கு, மத்தேயு 13-ஆம் அதிகாரத்தை ஒட்டி எழுதப்பட்ட உரை அது. அந்த ஞாயிறு ஜூலை நடுவில் வரும். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் கரிசல் காடு மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் நேரம்.

முதலில் மேற்கோள்களைப் பார்த்தோம். ஈரம் இல்லாததால் பயிர் காய்ந்தது என்று மத்தேயு கூறுவதாக உரையில் இருந்தது. திருவிவிலியத்தைத் திறந்தால், ஈரத்தைச் சொல்பவர் லூக்கா (8:6). மத்தேயு சொல்வது வெயிலையும் வேரில்லாமையையும் (13:6). இருவரும் சொல்வது உண்மைதான். ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் பெயரில் சொல்லக் கூடாது.

அடுத்தது இதைவிடப் பெரிய பிழை. முப்பது, அறுபது, நூறு என்று விளைச்சலை அடுக்கி, 'நம்பிக்கை இப்படிப் படிப்படியாக வளர்கிறது' என்று உரை முடிந்தது. அந்த ஏறுவரிசை மாற்கு நற்செய்தியில் உள்ளது (4:8). மத்தேயுவில் நூறு முதலில் வருகிறது, முப்பது கடைசியில் (13:8). லூக்காவில் நூறு மட்டுமே உண்டு. அன்று திருப்பலியில் மத்தேயுவைக் கேட்டுவிட்டு வந்தவருக்கு இந்த முடிவுரை பொருந்தாது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. முடிவுரையையே மாற்ற வேண்டியிருந்தது. 'ஒரே நல்ல நிலத்திலும் விளைச்சல் வேறுபடுகிறது. முப்பதும் நல்ல விளைச்சலே' என்று எழுதியவரே திருத்திக் கொடுத்தார். உரை முன்னைவிட ஆறுதலானது.

நினைவிலிருந்து எழுதும்போது மூன்று நற்செய்திகளும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே மேற்கோளை நினைவோடு ஒப்பிடாமல், நூலோடு வைத்து வரி வரியாக ஒப்பிடுகிறோம். '13:8' என்று எண்ணில் எழுதினால் ஒலிவாங்கி முன் நாக்கு தடுமாறும். 'பதின்மூன்றாம் அதிகாரம், எட்டாம் வசனம்' என்று எழுத்திலேயே எழுதிவைக்கிறோம்.

இரண்டாவது, மரியாதை. 'நம் கரிசலைப் போல வறண்ட, பாறை மனம் கொண்டவர்கள்' என்று ஒரு வரி. கேட்பவர்களில் பாதிப்பேர் கரிசல்காட்டு உழவர்கள். அவர்கள் மனம் நோகும் என்பது ஒன்று. செய்தியே தவறு என்பது மற்றொன்று. கரிசல் பாறை நிலமன்று. வெயிலில் வெடித்துக் கிடந்தாலும், மழை பெய்தால் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் மண் அது. அதனால்தான் மானாவாரியாகவே பருத்தியும் உளுந்தும் விளைகின்றன. 'மண் கொஞ்சமாய் உள்ள பாறை நிலம்' என்று மட்டும் வைத்துக்கொண்டோம். கரிசலை நல்ல நிலத்தின் பக்கம் சேர்த்தோம்.

அதே உரையில் விதைப்பவர் 'அவன்' ஆகியிருந்தார். பழைய மொழிபெயர்ப்பில் 'விதைக்கிறவன்' என்றிருந்தது. இன்று நாம் பயன்படுத்துவது 'விதைப்பவர்'. 'அஞ்ஞானிகள்' என்ற சொல்லையும் 'பிற சமயத்தார்' என்று மாற்றினோம். பக்கத்து வீட்டிலும் தேநீர்க் கடையிலும் அவர்களும் அதே வானொலியைக் கேட்கிறார்கள்.

கடைசியில் ஓசை. ஒருவர் வாசிக்க, மற்றொருவர் தாளைப் பார்க்காமல் கண்மூடிக் கேட்கிறார். எந்த இடத்தில் 'என்ன சொன்னீர்கள்?' என்கிறாரோ, அங்கே கோடிடுகிறோம். இந்த வாக்கியத்தில் அவர் நிறுத்தினார்: 'வெடித்த நிலத்தில் வானம் பார்த்துக் காத்திருந்து, கடன்பட்டு வாங்கிய விதையைத் தூவிவிட்டு, முளைக்குமா என்று தெரியாமலே வீடு திரும்பும் உழவரைப் போல இறைவனும் நம் உள்ளத்தில் தம் வார்த்தையை விதைக்கிறார்.'

தமிழில் வினை கடைசியில் வருவதால், யார் என்ன செய்கிறார் என்பதை அறியக் கேட்பவர் இறுதிவரை காத்திருக்கிறார். அதோடு, தெரியாமல் தவிப்பவர் இறைவன் என்பதுபோலவும் ஒலிக்கிறது. இப்படிப் பிரித்தோம்: 'நம் உழவர் வானம் பார்த்துக் காத்திருக்கிறார். மழை விழுந்ததும், கடன்பட்டு வாங்கிய விதையைத் தூவுகிறார். முளைக்குமோ என்ற கவலையோடு வீடு திரும்புகிறார். இறைவனும் நம் உள்ளத்தில் விதைக்கிறார். கவலையோடு அல்ல, பொறுமையோடு.' முதல் மூன்று வாக்கியங்கள் உழவருக்கு. கடைசி இரண்டு வாக்கியங்கள் இறைவனுக்கு.

எல்லாவற்றையும் இப்படி வெட்டுவதும் இல்லை. குறுவாக்கியங்களே தொடர்ந்தால் கட்டளை போடுவதுபோல் ஒலிக்கும். நான்கைந்து சிறியவற்றுக்குப் பின் ஒரு நீண்ட வாக்கியம் வந்தால் காதுக்கு இதமாக இருக்கும்.

திருத்திய பிரதியை எழுதியவரிடமே திரும்பக் கொடுக்கிறோம். அவர் ஒப்பாத எந்த மாற்றமும் ஒலிபரப்பில் போவதில்லை. ஏனெனில் குரல் அவருடையது. நாங்கள் பார்ப்பது களை மட்டுமே.