ஒரே ஒரு வரைபடம் தடுத்த கட்டுரை

கடைசி நாள் மாலை. மாணவி ஏற்றிய கட்டுரையை மாநாட்டுத் தளம் ஏற்க மறுக்கிறது: ‘Type 3’ எழுத்துரு இருக்கிறதாம். பார்வைக்குப் பிடிஎப் கோப்பில் எந்தக் குறையும் இல்லை.

`pdffonts paper.pdf` என்ற கட்டளை குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அது மேட்பிளாட்லிப்பில் வரைந்த படம்தான்; அந்த மென்பொருள் இயல்பாகவே எழுத்துகளை ‘Type 3’ வகையில் பதிக்கிறது. படம் வரையும் நிரலில் இந்த வரியைச் சேர்த்து, படத்தையும் கட்டுரையையும் மறுபடி உருவாக்கினால் போதும்:

```
plt.rcParams['pdf.fonttype'] = 42
```

அதற்கும் நேரம் போதாதென்றால், கெடு முடியும் முன்பே அமைப்பாளருக்கு எழுதிவிட வேண்டும். “கட்டுரை எண் 214. தளம் காட்டிய பிழைச் செய்தியின் படத்தையும் தற்போதைய கோப்பையும் இணைத்துள்ளேன். உள்ளடக்கம் மாறாது, எழுத்துருவைச் சரிசெய்ய 12 மணி நேரம் தர இயலுமா?” இவ்வளவு போதும். சொந்தக் கதை வேண்டாம். கோப்பு கையில் இருப்பதால், மாணவி கூடுதல் ஆய்வுக்கு நேரம் கேட்கவில்லை என்பது அமைப்பாளருக்கே விளங்கும்.

எழுதும் முன் கெடுவின் நேர மண்டலத்தையும் பாருங்கள். ‘AoE’ என்றிருந்தால், இரவு 11.59 என்பது இந்தியாவில் மறுநாள் மாலை 5.29.