தேடினால் கிடைக்க வேண்டும்

புத்தகம் விற்கும் இணையதளம் ஒன்றைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். தேடல் கட்டத்தில் 'கி.ராஜநாராயணன்' என்று தட்டுகிறோம். பட்டியல் வருகிறது. முதலில் பார்க்க வேண்டியது அதன் இடது ஓரம். யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை. இடது ஓரமாகக் கீழே ஓடி, ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு மூன்று சொற்களை மட்டும்தான் கண் பார்க்கிறது. எல்லா வரியும் ஆசிரியர் பெயரிலேயே தொடங்கி, தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நின்றால், எது 'கோபல்ல கிராமம்', எது 'கோபல்லபுரத்து மக்கள்' என்றே தெரியாது. தலைப்பு முதலில், ஆசிரியர் பெயர் அதற்குக் கீழே சின்ன எழுத்தில், விலை எப்போதும் ஒரே இடத்தில். அவ்வளவு போதும்.

அடுத்து ஃபில்டர். தமிழ்ப் புத்தகத் தளங்களில் சிக்கல் இங்கேதான் அதிகம். 'கி.ராஜநாராயணன்' ஒரு வரி, புள்ளிக்குப் பின் இடம் விட்ட 'கி. ராஜநாராயணன்' இன்னொரு வரி, 'கி.ரா.' மூன்றாவது வரி என்று ஒரே எழுத்தாளர் மூன்று பேராக நிற்பார். ஒன்றை டிக் செய்தவருக்கு மற்ற இரண்டில் இருக்கும் புத்தகங்கள் கண்ணில் படவே படாது. இதைத் திரை வடிவமைப்பால் சரிசெய்ய முடியாது. பெயர்ப் பதிவையே ஒன்றாக்க வேண்டும்.

இன்னொரு சோதனை எளிது. ஒரு பதிப்பகத்தை டிக் செய்யுங்கள், பிறகு இரண்டாவதையும். பட்டியல் நீள வேண்டும், ஏனென்றால் இதிலோ அதிலோ வந்த புத்தகங்களைத்தான் கேட்கிறோம். பட்டியல் காலியானால், இரண்டு பதிப்பகமும் சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தைத் தளம் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விலை வரம்பைச் சேர்த்தால் மட்டும் பட்டியல் சுருங்கலாம்.

கடைசியாக, வெறும் பக்கம். அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதைப் பக்கமே சொல்ல வேண்டும். 'கோபல கிராமம்' என்று ஓர் எழுத்தை விட்டுவிட்டவருக்கு, 'கோபல்ல கிராமம்' என்ற சரியான பெயரைக் காட்டி அதிலேயே தட்ட வைக்கலாம். ஐம்பது ரூபாய்க்குள் என்று ஃபில்டர் போட்டிருந்தால், "இந்த விலைக்குள் இல்லை, விலை வரம்பை நீக்கினால் 6 புத்தகங்கள்" என்று பொத்தானோடு சொல்லலாம். புத்தகம் அச்சிலேயே இல்லையென்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லி, வந்ததும் தெரிவிக்க எண்ணைக் கேட்கலாம். ஒரு விளக்கமும் இல்லாமல், அதிகம் விற்கும் நாவல்களை அந்த இடத்தில் நிரப்பும் வழக்கம்தான் மிக மோசம். தேடியது கிடைத்துவிட்டதாக எண்ணி வாசகர் கீழே கீழே போய்க்கொண்டே இருப்பார்.

தளம் நடத்துகிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். பதில் கிடைக்காமல் போன தேடல் சொற்கள் எல்லாம் சர்வரில் பதிவாகும்படி வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலை முழுக்கப் படியுங்கள். எந்தப் பெயரை எப்படியெல்லாம் எழுதிக் கேட்கிறார்கள் என்பது அதில் இருக்கும்.