வராத 60 பேருக்கு என்ன அனுப்புவது?

மாடித்தோட்டம் பற்றி ஞாயிறு மாலை 6 மணிக்கு ஸூமில் ஒரு வெபினார். 100 பேர் பதிவு செய்து, 40 பேரே வந்ததாக வைத்துக்கொள்வோம். இலவச நிகழ்ச்சிகளில் இது சகஜம். பலர் மறந்தே போகிறார்கள்.

அதனால் இணைப்புடன் கூடிய நினைவூட்டல் மின்னஞ்சல் ஒரு நாள் முன்பும், ஒரு மணி நேரம் முன்பும் போக வேண்டும். ஸூமிலேயே இதை முன்கூட்டி அமைத்துவிடலாம்.

நிகழ்ச்சியின்போது ஒருவர் பேச, இன்னொருவர் கேள்விகளைக் கவனிக்க வேண்டும். நேரமின்றி விடுபட்டவற்றைக் கேள்வி-பதில் அறிக்கையில் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் வருகை அறிக்கையைப் பார்த்து இரு கடிதங்கள் எழுத வேண்டும். வந்தவர்களுக்கு, விடுபட்ட கேள்விகளின் பதில்கள். வராத 60 பேருக்கு, ‘மண்கலவை 12ஆம் நிமிடத்தில்’ என்பது போன்ற குறிப்புடன் நிகழ்ச்சியின் காணொலி. எல்லோருக்கும் ‘வந்ததற்கு நன்றி’ என்று ஒரே கடிதம் போனால், வராதவர் அதைப் படிக்காமலே மூடிவிடுவார்.

இரண்டையும் மறுநாளே அனுப்பிவிடுங்கள்.